திசை மாறாமல் ஓடும் கப்பல் ஏன் வளைந்து போகிறது: ரம் கோடும் பெருவட்டமும் – முழுமையான வழிகாட்டி

சான்பிரான்சிஸ்கோவுக்கு வெளியே, வடக்கு 37°45', மேற்கு 122°45' என்ற இடத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. டோக்கியோ விரிகுடாவின் வாசலுக்கு அருகே, வடக்கு 34°45', கிழக்கு 140° என்ற இடத்துக்கு அது போக வேண்டும். கடல் வரைபடத்தில் இரண்டு புள்ளிகளையும் அளவுகோலால் இணைத்தால் 267.8° என்று ஒரே திசை கிடைக்கும். கிட்டத்தட்ட நேர் மேற்கு. அந்தத் திசையைக் கடைசி வரை மாற்றாமல் பிடித்துப் போனால் ஜப்பான் வந்துவிடும். தூரம் 4,708 கடல் மைல்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 302.2° என்று வடமேற்கே கிளம்பி, அலூசியன் தீவுகள் இருக்கும் பக்கமாக ஏறி, வடக்கு 48° வரை போய், பிறகு இறங்கி 234.5° திசையில் ஜப்பானை அடையும் வழி. வரைபடத்தில் இது பெரிய வில் போலத் தெரியும். ஆனால் இதன் தூரம் 4,471 கடல் மைல்தான். 237 மைல் மிச்சம். 14 நாட், அதாவது மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் ஓடும் கப்பலுக்கு இது ஏறக்குறைய 17 மணி நேரம்.

நேர்கோடு நீளமாகவும் வில் குட்டையாகவும் இருப்பது எப்படி? "வரைபடம் ஏமாற்றுகிறது" என்று பலரும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான். வரைபடத்தையே தூக்கிப்போட்டுவிட்டு வெறும் கடலில் பார்த்தாலும், திசை மாறாமல் ஓடும் கப்பல்தான் வளைந்து போகிறது. திசைகாட்டியின் எண் மாறிக்கொண்டே இருக்கும் கப்பல்தான் நேராகப் போகிறது. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான். அதனால் முதலில் இதற்கே நிறைய இடம் கொடுக்கிறேன்.

## கோளத்தின் மேல் "நேர்" என்றால் என்ன

உருண்டையின் மேல் எந்தக் கோடும் முழுமையாக நேராக இருக்க முடியாது. ஆனால் இடப்பக்கமும் திரும்பாமல் வலப்பக்கமும் திரும்பாமல் போகும் கோடு ஒன்று உண்டு. காற்றும் நீரோட்டமும் அலையும் இல்லாத கடலில், சுக்கானை நடுவில் வைத்துக் கட்டிவிட்டால் கப்பல் போகும் பாதை அதுதான். பூமியின் மையம் வழியாக ஒரு தளத்தை வெட்டினால் மேற்பரப்பில் விழும் வட்டமும் அதுவே. அதற்குப் பெருவட்டம் என்று பெயர். இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மிகக் குறுகிய வழி இந்த வட்டத்தின் ஒரு துண்டு.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் இதைக் கையாலேயே பார்த்துவிடலாம். விரல் அகலத்துக்கும் குறைவான ஒரு காகிதப் பட்டையை வெட்டி, உருண்டையின் மேல் இழுத்து ஒட்டிப் பாருங்கள். நடுக்கோட்டின் மேல் சுருக்கமே விழாமல் படியும். எந்தப் பெருவட்டத்தின் மேலும் அப்படியே படியும். அதே பட்டையை 60° அட்சக்கோட்டின் மேல் படிய வைக்க முயன்றால் முடியாது. துருவத்தின் பக்கம் இருக்கும் ஓரம் மிஞ்சிப்போய் சுருங்கி எழும். அந்தப் பக்கம் பாதை குட்டையாக இருப்பதால்தான் காகிதம் மிஞ்சுகிறது. அதாவது, அட்சக்கோடு துருவத்தை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும் ஒரு வளைவு. இந்தச் சோதனையில் வரைபடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

## திசைகாட்டி எப்படிக் கப்பலைத் திருப்புகிறது

வட துருவத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து "கிழக்கே" நடக்க வேண்டும். கிழக்கு என்றால் வடக்கு எப்போதும் இடது தோளுக்கு நேராக இருக்க வேண்டும். வடக்கு என்பது பத்து மீட்டர் தள்ளி இருக்கும் அந்த ஒரு புள்ளி. அதை எப்போதும் இடது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டு நடந்தால், அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டமடிப்பீர்கள். திசை ஒரு டிகிரிகூட மாறவில்லை. ஆனால் 63 மீட்டர் நடந்ததும் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். இதை யாரும் நேர் வழி என்று சொல்ல மாட்டார்கள்.

இப்போது பத்து மீட்டரை நூறாக்குங்கள், பிறகு ஆயிரம் கிலோமீட்டராக்குங்கள். வட்டம் பெரிதாகும், திருப்பம் மெதுவாகும். ஆனால் இருக்கும். நடுக்கோட்டுக்கு வரும்போதுதான் அது பூஜ்ஜியமாகிறது.

காரணம் தீர்க்கக்கோடுகள். அவை ஒன்றுக்கொன்று இணையானவை அல்ல, துருவத்தில் ஒன்றுகூடுபவை. திசைகாட்டி காட்டும் கோணம், நீங்கள் நிற்கும் இடத்துத் தீர்க்கக்கோட்டிலிருந்து அளக்கப்படுகிறது. கப்பல் அடுத்த தீர்க்கக்கோட்டுக்குப் போனதும் "வடக்கு" என்பதே கொஞ்சம் சாய்ந்துவிடுகிறது. அதே கோணத்தை மறுபடி பிடிக்க, கப்பலும் அதே அளவு சாய வேண்டும். எவ்வளவு சாய வேண்டும் என்பதற்கு எளிய விதி உண்டு: ஒரு டிகிரி தீர்க்கம் கடக்கும்போது, இருக்கும் அட்சத்தின் சைன் மதிப்பு எவ்வளவோ அத்தனை டிகிரி. நடுக்கோட்டில் பூஜ்ஜியம், 30° அட்சத்தில் அரை டிகிரி, துருவத்தில் முழு ஒரு டிகிரி.

வடக்கு 40° அட்சத்தில் 14 நாட் வேகத்தில் நேர் கிழக்கே ஓடும் கப்பல் ஒரு நாளில் 336 கடல் மைல் போகும். அந்த அட்சத்தில் அது 7.3° தீர்க்கம். 40° சைன் மதிப்பு 0.643. பெருக்கினால் 4.7°. ஆக, 24 மணி நேரத்தில் அந்தக் கப்பல் உண்மையில் 4.7° இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. சுக்கானில் நிற்பவருக்கு இது தெரியாது. அலையில் கப்பல் ஒரு நிமிடத்திலேயே இரண்டு மூன்று டிகிரி ஆடும், ஒவ்வொரு முறையும் 090-க்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள். அந்தத் திருத்தங்களில் இடப்பக்கத் திருத்தம் மிகமிகக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலின் மொத்தம்தான் 4.7°. திருத்தாமல் விட்டிருந்தால் திசைகாட்டி 091, 092 என்று மெல்ல ஏறியிருக்கும், கப்பல் தெற்கே இறங்கியிருக்கும். அதே வேகத்தில் 60° அட்சத்தில் இது நாளுக்கு 9.7°, 10° அட்சத்தில் ஒரு டிகிரிதான்.

நம் பசிபிக் கப்பலுக்கு வருவோம். 267.8° பிடித்துப் போனால் அது 97.25° தீர்க்கம் கடக்கிறது, சராசரியாக 36¼° அட்சத்தில். பெருக்கினால் 57½°. மேற்கே போவதால் துருவம் வலப்பக்கம். அதனால் வழி நெடுக அது வலப்பக்கமாக மொத்தம் 57½° திரும்பியிருக்கிறது, திசைகாட்டியில் ஒரு எண்கூட மாறாமல். பெருவட்டத்தில் போகும் கப்பலுக்கோ திசைகாட்டி 302.2-இலிருந்து 234.5 வரை 67.7° மாறுகிறது. கப்பல் எந்தப் பக்கமும் திரும்பவே இல்லை.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். பூமி சுழல்வதால் இது நடக்கவில்லை. நீரோட்டமும் காரணமில்லை. அசையாமல் நிற்கும் உருண்டையிலும் இதுவேதான் நடக்கும். இன்னொன்று: இங்கே திசை என்று நான் சொல்வது உண்மை வடக்கிலிருந்து, அதாவது கைரோ காம்பஸ் காட்டுவதுபோல். காந்தத் திசைகாட்டியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள விலகல் இடத்துக்கு இடம் மாறும். அதில் ஒரே எண்ணைப் பிடித்துப் போனால் கிடைப்பது இந்தச் சீரான வளைவும் அல்ல, வேறொரு கோணலான பாதை.

## அந்த வளைவு எங்கே போய் முடிகிறது

எல்லாத் தீர்க்கக்கோடுகளையும் ஒரே கோணத்தில் வெட்டும் இந்தப் பாதைக்கு ரம் கோடு என்று பெயர். லாக்ஸோட்ரோம் என்றும் சொல்வார்கள். இது பெருவட்டத்திலிருந்து வேறானது என்பதை 1537-இல் போர்ச்சுகல் கணித அறிஞர் பெத்ரோ நூனிஸ் எழுதினார். அதற்கு முன் மாலுமிகள் இரண்டும் ஒன்றே என்று எண்ணியிருந்ததில் வியப்பில்லை. ஒரு நாள் ஓட்டத்தில் கண்ணுக்குப் பிடிபடும் வித்தியாசம் இல்லையே.

நடுக்கோட்டிலிருந்து 45° வடகிழக்காகக் கிளம்பி, நிலமே இல்லாத பூமியில் திசை மாறாமல் போனால் என்ன ஆகும்? துருவத்தை நோக்கிச் சுருளாகச் சுற்றிக்கொண்டு போகும். பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்கும்போது துருவத்துக்கு இன்னும் 24 கிலோமீட்டர்தான் இருக்கும். அடுத்த சுற்று முடியும்போது 44 மீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் மிச்சத் தூரம் 535-இல் ஒரு பங்காகச் சுருங்கும், சுற்றுகள் முடியவே முடியாது. ஆனால் மொத்த நீளம் 7,637 கடல் மைல்தான். வடக்கே நகரும் வேகம் எப்போதும் மாறாமல் இருப்பதால் அப்படி. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இது. எண்ணற்ற சுற்றுகள், ஆனால் அளந்து முடிக்கக்கூடிய தூரம்.

## பிறகு ஏன் வரைபடத்தில் நேராகத் தெரிகிறது

கடல் வரைபடங்களில் பெரும்பாலானவை மெர்கேட்டர் முறையில் வரைந்தவை. 1569-இல் மெர்கேட்டர் வெளியிட்ட உலக வரைபடம் மாலுமிகளை மனதில் வைத்தே செய்யப்பட்டது. தீர்க்கக்கோடுகள் எல்லாவற்றையும் அவர் செங்குத்தான இணைகோடுகளாக நிறுத்திவிட்டார். அப்படிச் செய்தால் 60° அட்சக்கோடு தன் உண்மை நீளத்தைப்போல இரண்டு மடங்கு இழுபடும். கோணங்கள் கெடாமல் இருக்க வேண்டுமானால் அந்த இடத்தில் வடக்கு–தெற்கையும் இரண்டு மடங்கு இழுக்க வேண்டும். அவர் அதையும் செய்தார். எந்த அட்சத்தில் எவ்வளவு இழுக்க வேண்டும் என்ற அட்டவணையை எட்வர்ட் ரைட் 1599-இல் அச்சிட்டுத் தந்தார்.

இணையான தீர்க்கக்கோடுகளை ஒரே கோணத்தில் வெட்டும் கோடு நேர்கோடாகத்தானே இருக்கும். அதனால்தான் ரம் கோடு அங்கே நேராகிறது. மாலுமிக்கு இது பெரிய வசதி: அளவுகோலை வைத்து ஒரு கோடு போட்டால் சுக்கானில் நிற்பவருக்குச் சொல்ல வேண்டிய எண் கிடைத்துவிடும். அதற்குக் கொடுத்த விலை, உண்மையில் நேரான பெருவட்டம் வரைபடத்தில் துருவத்தின் பக்கம் வளைந்து தெரிவது.

இதற்கு எதிரான வரைபடமும் உண்டு. பூமியின் மையத்தில் விளக்கு வைத்து மேற்பரப்பின் நிழலை ஒரு தட்டைப் பலகையில் விழ வைத்ததுபோல் வரைவது நோமோனிக் முறை. அதில் எல்லாப் பெருவட்டமும் நேர்கோடு. ஆனால் கோணமும் தூரமும் தப்பாக இருக்கும், பாதி உருண்டையைக்கூட முழுதாகக் காட்ட முடியாது. அதில் நேர்கோடு போட்டு, அது வெட்டும் இடங்களைப் படித்து மெர்கேட்டர் வரைபடத்துக்கு மாற்றுவதுதான் காகித வரைபடக் காலத்து வேலைமுறை. கணக்கு போட்டாலும் அதே புள்ளிகள்தான் கிடைக்கும்.

## கணக்கு, படிப்படியாக

முதல் படி: தீர்க்க வித்தியாசம். மேற்கு 122°45'-இலிருந்து மேற்கு நோக்கி 180° வரை 57°15'. அங்கிருந்து கிழக்கு 140° வரை 40°. கூட்டினால் 97°15', அதாவது 97.25°. தேதிக்கோட்டைத் தாண்டும் பயணத்தில் இந்தக் கூட்டலை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பெருவட்டத் தூரமும் கிளம்பும் திசையும்.

```
cos d = sin φ1 · sin φ2 + cos φ1 · cos φ2 · cos Δλ
tan C = sin Δλ / (cos φ1 · tan φ2 − sin φ1 · cos Δλ)
```

φ1, φ2 இரண்டும் அட்சங்கள், Δλ தீர்க்க வித்தியாசம். நம் எண்களைப் போட்டால் cos d = 0.2670, d = 74.516°. பெருவட்டத்தின் ஒரு டிகிரி 60 கடல் மைல் என்பதால் 4,471 மைல். இரண்டாவது சூத்திரத்தில் tan C = 1.585, C = 57.8°. வடக்கிலிருந்து மேற்காக 57.8°, ஆகவே 360-இலிருந்து கழித்து 302.2°.

மூன்றாம் படி: ரம் கோட்டின் தூரம். மெர்கேட்டர் இழுத்த இழுப்பை இங்கே கணக்கில் கொண்டுவர வேண்டும்.

```
M(φ) = 3437.75 · ln tan(45° + φ/2)
tan C = Δλ' / (M1 − M2)
D = Δφ' / cos C
```

மேற்கோள்குறி போட்டவை நிமிடக் கணக்கு. M1 = 2449.3, M2 = 2226.0, வித்தியாசம் 223.3. தீர்க்க வித்தியாசம் 97.25 × 60 = 5,835 நிமிடம். C = 87.81°, தெற்கிலிருந்து மேற்காக. அதனால் திசை 267.8°. அட்ச வித்தியாசம் 180 நிமிடத்தை cos C-யால் வகுத்தால் 4,708 மைல்.

நான்காம் படி: உச்சிப்புள்ளி. பெருவட்டப் பாதை எவ்வளவு வடக்கே ஏறும் என்பது தெரியாமல் யாரும் கிளம்பக் கூடாது. அங்கேதான் குளிரும் புயலும் பனியும் தீவுகளும் இருக்கும்.

```
cos φv = sin C · cos φ1
tan Δλv = 1 / (sin φ1 · tan C)
```

இந்தப் பயணத்துக்கு φv = 48°02' வடக்கு. Δλv = 45.86°, அதாவது உச்சிப்புள்ளி இருப்பது மேற்கு 168°37'. அந்தத் தீர்க்கத்தில் அலூசியன் தீவுகள் 53° பக்கம் இருப்பதால் பாதை கடலிலேயே போகிறது.

ஐந்தாம் படி: இடைப்புள்ளிகள். ஒவ்வொரு நிமிடமும் திசையை மாற்றிக்கொண்டு ஓட்ட முடியாது. அதனால் பத்து டிகிரி தீர்க்கத்துக்கு ஒரு புள்ளி குறித்து, புள்ளிக்குப் புள்ளி ரம் கோடாகப் போகலாம்.

```
tan φ = tan φv · cos(λ − λv)
```

மேற்கு 130°-இல் 40°59', 140°-இல் 44°18', 150°-இல் 46°30', 160°-இல் 47°42', 180°-இல் 47°28', பிறகு இறங்கிக் கிழக்கு 160°-இல் 43°30', 150°-இல் 39°50'. தேதிக்கோட்டில் ரம் கோடு 36° பக்கம் இருக்கும். இரண்டு பாதைகளும் அங்கே ஏறத்தாழ 690 மைல் விலகி நிற்கின்றன.

ஆறாம் படி: ஒவ்வொரு துண்டின் திசை. துண்டு சிறியது என்பதால் நடு அட்சத்தை வைத்துப் போட்டாலே போதும். மேற்கு 150°-இலிருந்து 160°-க்குப் போவதைப் பார்ப்போம். வடக்கே 72 நிமிடம் ஏறுகிறது. மேற்கே 600 நிமிடம், அதை 47°06' கோசைனால் பெருக்கினால் 408 மைல். 408-ஐ 72-ஆல் வகுத்து ஆர்க்டேன் எடுத்தால் 80°. திசை 280°, தூரம் 415 மைல். முதல் துண்டுக்கு இதேபோல் 300° வரும். 160°-இலிருந்து 170°-க்குப் போகும் துண்டுக்கு 272.7°. எண்கள் இப்படி ஒரே பக்கமாகச் சீராக மாறிக்கொண்டு வர வேண்டும். நடுவில் ஒரு துண்டு மட்டும் எதிர்ப்பக்கம் துள்ளினால் அந்தப் புள்ளியில் தப்பு இருக்கிறது.

பெருவட்டத்தை இப்படித் துண்டுபோட்டதால் எவ்வளவு இழப்பு? 400 மைல் துண்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 0.3 மைல். முழுப் பயணத்துக்கும் இரண்டு மூன்று மைல்தான். அதனால் புள்ளிகளை நெருக்கி வைப்பதில் பெரிய லாபம் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் பூமி முழு உருண்டை என்று எடுத்துக்கொண்டு போட்டது. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் உண்மைத் தூரம் அரை சதவீதம் வரை மாறலாம். கப்பலின் மின்னணு வரைபடத் திரையில் வேறு எண் வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

## எங்கே தப்பு நடக்கும், எப்படிக் கண்டுபிடிப்பது

முதல் தப்பு தேதிக்கோட்டில். மேற்கை மைனஸ் என்று வைத்து 140-இலிருந்து −122.75-ஐக் கழித்தால் 262.75° வரும். பெருவட்டத் தூரச் சூத்திரத்தில் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் 262.75-க்கும் 97.25-க்கும் கோசைன் ஒன்றே. தூரம் சரியாக 4,471 என்றே வரும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். அதே எண்ணை ரம் கோட்டுக்குப் போட்டால் உலகத்தை மறுபக்கமாகச் சுற்றி 12,700 மைல் வரும். தீர்க்க வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் 360-இலிருந்து கழித்துவிட வேண்டும், கிழக்கா மேற்கா என்பதையும் மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது தப்பு நுட்பமானது, நன்றாகத் தெரிந்தவர்களும் விழும் இடம். ரம் கோட்டின் திசை 90°-ஐ நெருங்கும்போது cos C மிகச் சிறியதாகிவிடும். நம் கணக்கில் 87.81 என்பதை 87.8 என்று சுருக்கினால் தூரம் 4,689 ஆகிறது, 19 மைல் காணாமல் போகிறது. 88 என்று சுருக்கினால் 5,158 மைல் வந்து நிற்கும். ஆகவே கால்குலேட்டரில் இருக்கும் முழு எண்ணையும் அப்படியே அடுத்த படிக்கு எடுத்துப் போங்கள். சரிபார்க்க ஒரு வழி: நடு அட்சக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 5,835 × cos 36.25° = 4,706. அதையும் 180-ஐயும் பிதாகரஸ் விதியில் சேர்த்தால் 4,709. ஒரு மைலுக்குள் பொருந்துகிறது என்றால் கணக்கு சரி.

மூன்றாவது, tan C-இன் கீழே இருக்கும் எண் மைனஸாக வந்தால் திசை வடக்கிலிருந்து அல்ல, தெற்கிலிருந்து அளக்கப்பட வேண்டும். கால்குலேட்டர் இதைச் சொல்லாது. கணினியில் எழுதினால் `atan2` பயன்படுத்துங்கள், அது பார்த்துக்கொள்ளும்.

காகித வரைபடத்தில் தூரம் அளப்பவர்களுக்கு ஒன்று. மெர்கேட்டரில் மைல் அளவு இடத்துக்கு இடம் மாறும். டிவைடரை விரித்த இடத்துக்கு நேர் பக்கவாட்டில் இருக்கும் அட்ச அளவுகோலில்தான் அளக்க வேண்டும். 48° அட்சத்தில் இருக்கும் 100 மைலை 36° பக்கத்து அளவுகோலில் வைத்தால் 121 மைல் காட்டும். இந்தத் தப்பைச் செய்பவருக்குப் பெருவட்டம் உண்மையாகவே நீளமாகத் தெரியும், பிறகு எவ்வளவு சொன்னாலும் நம்ப மாட்டார்.

எக்டிஸ் என்ற மின்னணுக் கடல் வரைபடத் திரையில் ஒவ்வொரு துண்டையும் ரம் கோடா பெருவட்டமா என்று தேர்ந்தெடுக்கலாம். இதைக் கவனிக்காமல் விடுவது உண்மையான ஆபத்து. 48° அட்சத்தில் 410 மைல் நீளத் துண்டு ஒன்றுக்கு இரண்டு கோடுகளும் நடுவில் ஆறேழு மைல் விலகியிருக்கும். நடுக்கடலில் பரவாயில்லை. ஆனால் ஒரு கோட்டில் ஆழத்தையும் பாறைகளையும் சரிபார்த்துவிட்டு இன்னொரு கோட்டில் கப்பலை ஓட்டினால் அந்தச் சரிபார்ப்புக்கு அர்த்தமே இல்லை. துண்டு 100 மைலாகக் குறைந்தால் விலகலும் 0.4 மைலாகக் குறையும். கரைக்கு அருகே துண்டுகளைச் சிறியதாக வைத்து, எல்லாவற்றையும் ரம் கோடாகவே வைத்துவிடுவது என் விருப்பம்.

## 48° வரை ஏற வேண்டாம் என்றால்

குளிர்காலத்தில் வட பசிபிக்கின் அந்தப் பகுதியில் புயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மேற்கே போகும் கப்பலுக்குக் காற்றும் அலையும் எதிரே இருக்கும். அங்கே மிச்சம் பிடித்த 17 மணி நேரத்தை ஒரே நாளில் இழந்துவிடலாம். அதற்காக நேராக ரம் கோட்டுக்கு இறங்கிவிட வேண்டும் என்பதில்லை. "இந்த அட்சத்துக்கு மேல் போக மாட்டேன்" என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தொடும் பெருவட்டத்தில் ஏறி, வரம்பின் மேலேயே நேர் மேற்காக ஓடி, பிறகு இன்னொரு பெருவட்டத்தில் இறங்கலாம். கலப்புப் பாதை என்பது இதுதான்.

வரம்பை 45° என்று வைப்போம். ஏறும் பெருவட்டம் 45°-ஐத் தொடும் வரை கடக்கும் தீர்க்கத்துக்கு cos Δλ = tan φ1 / tan 45°, அதன் தூரத்துக்கு cos d = sin φ1 / sin 45°. 39.26° தீர்க்கம், 1,801 மைல் வருகிறது. ஜப்பான் பக்கத்துக்கும் அப்படியே போட்டால் 46.07° தீர்க்கம், 2,177 மைல். நடுவில் மிஞ்சும் 11.92° தீர்க்கத்தை 45° அட்சக்கோட்டின் மேல் ஓடினால் 506 மைல். மொத்தம் 4,484.

அதாவது, மூன்று டிகிரி தெற்கே நிறுத்தியதற்கு 13 மைல்தான் கூடுதல். வரம்பை 42°-க்கு இறக்கினாலும் மொத்தம் 4,525 மைல், ரம் கோட்டைவிட 183 மைல் குறைவு. குறுகிய வழிக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளிப் போவதால் பெரிதாக ஒன்றும் இழப்பதில்லை. அதனால் வானிலை பார்த்து வரம்பை 44, 43 என்று நகர்த்துவதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. வரம்பின் மேல் ஓடும் துண்டில் திசைகாட்டி 270°-இலேயே நிற்கும், கப்பலும் அந்த 506 மைல் முழுவதும் வலப்பக்கமாக மெல்லத் திரும்பிக்கொண்டே போகும். 11.92-ஐ 45° சைன் மதிப்பால் பெருக்கிப் பாருங்கள்: 8.4°.

இந்த உழைப்பு எல்லாப் பயணத்துக்கும் தேவைப்படாது. வடக்கு–தெற்காகப் போனால் தீர்க்கக்கோடே பெருவட்டம்தான், இரண்டு வழியும் ஒன்று. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் கிழக்கு–மேற்காகப் போனாலும் வித்தியாசம் அற்பம். சில நூறு மைல் பயணமென்றால் எங்கே போனாலும் ரம் கோடே போதும். உயர்ந்த அட்சத்தில், ஒரே அரைக்கோளத்தில், கிழக்கு–மேற்காக ஆயிரக்கணக்கான மைல் போகும்போதுதான் கணக்கு பலன் தரும். தென் அரைக்கோளத்தில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறும்: பெருவட்டம் தெற்கே வளையும், கிழக்கே போகும் கப்பல் வலப்பக்கம் திரும்பும், உச்சிப்புள்ளியில் பனிப்பாறைகள் காத்திருக்கலாம். அங்கே வரம்பு அட்சத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகு பெருவட்டத்தைத் தொடுங்கள்.